வட்டம் அங்கே ஐந்து, இங்கே பூஜ்யம்

திண்டிவனம் நேரு வீதியிலும் விழுப்புரம் எம்.ஜி. ரோட்டிலும் கடை வைத்திருப்பவர்கள் இப்போது எல்லாச் சரக்குக்கும் நேரில் போய் நிற்பதில்லை. சோலாப்பூர் பெட்ஷீட்டும் துண்டும் வேண்டுமென்றால், அங்கிருக்கும் ஏஜென்ட் அடுக்கின் மேல் விலைச்சீட்டை வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். ரகத்தைப் பார்த்து, ரேட்டைப் பார்த்து, "அறுபது உருப்படி போடுங்க" என்று பதில் போகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் உள்ள வீடுகளிலும் இதே கதைதான். தம்மாமில் இருக்கும் மச்சான் லீவில் வருவதற்கு முன் கடைக்குள் நின்று அத்தர் பாட்டிலையும் போர்வையையும் டேக்கோடு படமெடுத்து அனுப்புவார். இங்கே வீட்டில் இருப்பவர்கள் எது வேண்டும், எத்தனை வேண்டும், அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று முடிவுசெய்வார்கள்.

படத்தில் நெசவு தெரிகிறது, நிறம் தெரிகிறது, பாட்டிலின் மூடி கூடப் பளிச்சென்று இருக்கிறது. விலை மட்டும் வேறு எழுத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரத்திலிருந்து வருவது தேவநாகரி எண். சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வருவது அரபு நாட்டு எண். இதில் ஏன் தவறு நேர்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அறியாத எழுத்தைக் கண்டால் நாம் உடனே கேட்டுவிடுகிறோம். டேக்கில் அரபியில் ஒரு வரி இருந்தால், "இது என்ன எழுதியிருக்கு மச்சான்?" என்று கேட்காத ஆள் கிடையாது. எண்ணை மட்டும் கேட்பதில்லை. காரணம், அந்த எண்களில் பாதி நமக்குத் தெரிந்த எண்களின் முகத்தோடு இருக்கின்றன. கண் அவற்றைத் தானாகவே படித்துவிடுகிறது. படித்துவிட்டோம் என்ற நினைப்பே கேள்வியை அடைத்துவிடுகிறது.

முதலில் அரபு நாட்டு எண்களை எடுத்துக்கொள்வோம். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை அவை இப்படி இருக்கும்: ٠ ١ ٢ ٣ ٤ ٥ ٦ ٧ ٨ ٩. ஒன்று நம்முடைய ஒன்றைப் போலவே ஒரு கோடு. ஒன்பதும் நம் ஒன்பதுதான். இந்த இரண்டும் நேர்மையான எண்கள்; பார்த்தபடி படித்தால் சரியாகவே இருக்கும். தொந்தரவு நடுவில் இருக்கிறது. ஐந்து என்பது ஒரு வட்டம். நம் கண்ணுக்கு அது பூஜ்யம். ஆறு என்பது நம் ஏழைப் போல ஒரு மேல்கோடும் ஒரு நெடுங்கோடும். உண்மையான பூஜ்யம் ஒரு சின்னப் புள்ளி. படத்தில் அது அழுக்காகவோ, பேனா பட்ட தடமாகவோ, தசமப் புள்ளியாகவோ தோன்றும். டேக்கில் நூல் கோக்கக் குத்திய ஓட்டை பக்கத்திலேயே இருந்தால், எது ஓட்டை, எது எண் என்பதுகூடக் குழம்பும்.

ஆகவே ٦٥ என்று எழுதியிருந்தால் அது 65. நாம் படிப்பது 70. ٩٥ என்றால் 95. நாம் படிப்பது 90. ١٥ என்றால் 15. நாம் படிப்பது 10. இந்த மூன்றையும் பாருங்கள், தவறாகப் படித்த விலையும் நம்பத் தகுந்த விலையாகவே இருக்கிறது. என் கருத்தில் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. ١٥٠ என்பதைப் புள்ளியையும் விட்டுவிட்டு 10 என்று ஒருவர் படித்தால், நூற்றைம்பது ரியால் போர்வை பத்து ரியாலுக்கு எப்படி வரும் என்று யாராவது ஒருவர் சந்தேகப்பட்டுவிடுவார். பெரிய தவறு தானாகவே மாட்டிக்கொள்ளும். 95-ஐ 90 என்று படித்தால் யாரும் புருவத்தை உயர்த்தப் போவதில்லை. சின்னத் தவறு கணக்குக்குள் அமைதியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட்டத்தைப் பூஜ்யமாகப் படிக்கும் தவறு எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சாயும். ஐந்து பூஜ்யமாகும்போது விலை குறையத்தான் செய்யும், ஒருபோதும் ஏறாது. அடக்கவிலையைக் குறைவாக நினைத்தவர் விற்கும் விலையையும் குறைவாகச் சொல்லுவார். விலைச்சீட்டுகளில் ஐந்தில் முடியும் விலைகள் எவ்வளவு அதிகம் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். அடிக்கடி வரும் எண்ணே மோசமாக ஏமாற்றும் எண்ணாகவும் அமைந்துவிட்டது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். திண்டிவனத்தில் ஃபாரின் சாமான் விற்கும் சின்னக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்மாமிலிருந்து படம் வருகிறது: சிறிய அத்தர் பாட்டில், டேக்கில் ١٥. கடைக்காரம்மா அதை 10 ரியால் என்று படிக்கிறார். ரியாலுக்கு 22 ரூபாய் என்று கொண்டால் 220 ரூபாய். மேலே 70 ரூபாய் வைத்து 290 என்று தெருவில் சொல்லி, 48 பாட்டிலுக்கு முன்பதிவு வாங்கிவிடுகிறார். அவர் மனதில் உள்ள லாபம் 3,360 ரூபாய். அங்கே கல்லாவில் மச்சான் கொடுப்பது பாட்டிலுக்கு 15 ரியால், அதாவது 330 ரூபாய். 290-க்குக் கொடுப்பதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றினால் பாட்டிலுக்கு 40 ரூபாய் கையை விட்டுப் போகும். 48 பாட்டிலுக்கு 1,920. நினைத்த லாபமும் வந்த நட்டமும் சேர்ந்து 5,280 ரூபாய் வித்தியாசம். கார்கோ செலவு இதில் சேரவில்லை. வாக்கை மாற்றி விலையை ஏற்றினால் பணம் தப்பும், அடுத்த முறை முன்பதிவு தர ஆள் இருக்காது.

இதில் யார் மேல் குற்றம் சொல்வது? மச்சான் சரியான விலையைத்தான் படமெடுத்து அனுப்பினார். அங்கே சில வருஷம் இருந்தவருக்கு ٥ என்றால் ஐந்து என்பது மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருக்கும். அது இங்கே வேறாகத் தெரியும் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். அதனால்தான் அவர் சொல்லவில்லை. இவருக்குத் தெரிந்ததாகவே தோன்றியதால் இவர் கேட்கவில்லை. இருவரும் போனில் அரை மணி நேரம் பேசியிருப்பார்கள், விலை மட்டும் பேச்சில் வந்திருக்காது; படம்தான் அனுப்பியாயிற்றே.

எண்களைக் கொஞ்சம் கற்றுக்கொண்டவர்கள் வேறு விதமாகத் தவறுகிறார்கள். அரபு வலமிருந்து இடம் எழுதப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை எண்ணுக்கும் பொருத்தி, ١٩ என்பதை வலப்பக்கத்திலிருந்து தொடங்கி 91 என்று படிப்பவர்கள் உண்டு. அது 19 தான். எழுத்து வலமிருந்து ஓடினாலும், எண்ணில் பெரிய இடம் நம்மைப் போலவே இடப்பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் இரண்டு விலைகள் ஒரே வரியில் இருந்தால், உதாரணமாகப் பழைய விலையும் தள்ளுபடி விலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், வரி வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. தனித்தனி எண்ணை இடமிருந்து படிக்க வேண்டும், அவை நிற்கும் வரிசையை வலமிருந்து படிக்க வேண்டும். அடித்துவிட்ட விலை எது என்பது கோட்டிலேயே தெரிந்தால் கவலை இல்லை. கோடு இல்லாத டேக்கில்தான் பழைய விலையைப் புது விலையாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வருகிறது.

கையால் எழுதிய டேக் இன்னும் கடினம். அச்சில் ٢ என்பது ஒரு பல், ٣ என்பது இரண்டு பல். மேலே உள்ள மேடுபள்ளத்தை எண்ணிப் பார்த்தால் பிரித்துவிடலாம். கையெழுத்தில் பலர் இரண்டின் பல்லை முழுங்கிவிட்டு ஒரு வளைந்த கோடாக முடித்துவிடுவார்கள். மூன்றை ஒரே பல்லோடு எழுதுவார்கள். அதாவது கையால் எழுதிய மூன்று, அச்சில் உள்ள இரண்டைப் போல இருக்கும். அச்சு எண்ணைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் சின்னக் கடையின் கையெழுத்து டேக்கைப் படிக்கும்போது 3 இருக்கும் இடத்தில் 2 என்று துணிந்து சொல்லுவார். அதே டேக்கிலோ அதே கடையின் வேறு டேக்கிலோ இரண்டும் மூன்றும் சேர்ந்து வரும் இடம் ஒன்றைப் பார்த்தால்தான் அந்தக் கை எப்படி எழுதுகிறது என்று பிடிபடும்.

படம் என்பதாலேயே வரும் சிக்கல் ஒன்று உண்டு. நூலில் தொங்கும் டேக் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். ஏழு என்பது ٧, எட்டு என்பது ٨. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றது. ٧٧ ரியால் என்ற டேக் தலைகீழாகப் படமானால் ٨٨ என்று மிகச் சுத்தமாகத் தெரியும். 77-க்கு 88. விநோதம் என்னவென்றால் ٧٨ தலைகீழானாலும் ٧٨ ஆகவே இருக்கும். டேக்கில் வேறு எழுத்தோ கடைப் பெயரோ பார்கோடோ இருந்தால் எது மேல் எது கீழ் என்று தெரிந்துவிடும். எண் மட்டும் எழுதிய வெற்றுச் சீட்டில் அதற்கு வழியில்லை. ஓட்டை குத்திய பக்கம்தான் மேல்பக்கம் என்பது பொதுவாகச் சரியாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி மகாராஷ்டிரப் பக்கம் வருவோம். இந்தி பேசும் பல ஊர்களில் வியாபாரத்தில் 1, 2, 3 என்றே எழுதுகிறார்கள். மராத்தியில் தேவநாகரி எண் இன்னும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸின் தட எண்ணிலும், மண்டிச் சீட்டிலும், கையால் எழுதிய விலையிலும் பார்க்கலாம். அவை: ० १ २ ३ ४ ५ ६ ७ ८ ९. இதில் பூஜ்யமும் இரண்டும் மூன்றும் நம் கண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானவை, தவறு வராது. ஒன்று என்பது ஒரு சுழியும் வாலும். பார்த்தவுடன் 9 என்றுதான் படிப்போம். நான்கு என்பது மேலே வாய் திறந்த 8. ஐந்து என்பது நம் 4-ன் சாயலில் இருக்கும். ஏழைச் சிலர் 6 என்றும் சிலர் 9 என்றும் படிக்கிறார்கள். ஆறு என்பது கண்ணாடியில் பார்த்த மூன்று.

சோலாப்பூர் பெட்ஷீட் டேக்கில் ३१० என்று இருந்தால் அது 310. படிப்பது 390. ३४० என்பது 340, படிப்பது 380. இவையும் நம்பத் தகுந்த விலைகளே. இங்கே தவறு பெரும்பாலும் மேல்நோக்கிப் போகிறது, வியாபாரி கொள்முதலையே விட்டுவிடுகிறார். "போன தடவை 300 சொன்னாங்க, இப்ப 390-ஆ?" என்று சரக்கை வேண்டாமென்பார். பக்கத்துக் கடை அதே ரகத்தை 310-க்கு எடுத்து 375-க்கு விற்கும்போது இவருக்கு விஷயம் புரியாது. இப்படி வராமல் போன லாபம் எந்த நோட்டிலும் பற்று எழுதப்படுவதில்லை. அதனால் இந்தத் தவறு பல வருஷம் தெரியாமலே தொடரும்.

அதைவிட மோசம், அரைகுறையாகத் திருத்திக்கொண்டவர் செய்யும் தவறு. ஒருமுறை அடிபட்டவர், "ஒன்பது மாதிரி இருந்தா அது ஒன்று" என்று மனதில் ஒரு விதியை எழுதிக்கொள்வார். விதி சரிதான். ஆனால் தேவநாகரியின் உண்மையான ஒன்பதும், ९, ஒரு சுழியும் வாலும் கொண்டதுதான். १ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், அவ்வளவே வித்தியாசம். வாட்ஸ்அப்பில் நாலு பேர் கைமாறிச் சுருங்கி வந்த படத்தில், மசி பரவிய கையெழுத்தில், சுழி எந்தப் பக்கம் என்று சொல்வது எளிதல்ல. ३९० என்று எழுதிய டேக்கை அவர் இப்போது 310 என்று படிக்கிறார். இம்முறை தவறு கீழ்நோக்கிச் சாய்கிறது.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு 60 பெட்ஷீட் சப்ளை என்று வைத்துக்கொள்வோம். 310 அடக்கம் என்று நம்பி 375 என்று கொட்டேஷன் கொடுக்கிறார். உருப்படிக்கு 65 ரூபாய், மொத்தம் 3,900 லாபம் என்று கணக்கு. பில் வரும்போது உருப்படிக்கு 390. இப்போது ஒவ்வொன்றிலும் 15 ரூபாய் நட்டம், 60-க்கு 900. பார்சல் சர்வீஸுக்குக் கொடுத்த லாரி வாடகை தனி. ஒரே ஒரு சுழி திரும்பிய பக்கத்துக்கு விலை 4,800 ரூபாய். சரக்கைத் திருப்பி அனுப்பலாமென்றால் போகும் வாடகையும் தன் தலையில்தான் விழும். டேக்கில் சரியான விலைதானே இருந்தது என்று சோலாப்பூர்காரர் சொல்லுவார், அவர் சொல்வதும் நியாயம்தான்.

சோலாப்பூர் சரக்கும் தம்மாம் சரக்கும் ஒரே கடைக்கு வரும்போது இன்னொரு குழப்பம் சேர்கிறது. ஒரு படத்தில் வட்டம் பூஜ்யம். அடுத்த படத்தில் அதே வட்டம் ஐந்து. வட்டத்தைத் தனியாக வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அது எந்தக் குடும்பத்து எண் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. ஒரே டேக்கில் வட்டமும் தனிப் புள்ளியும் சேர்ந்து வந்தால் அது அரபு நாட்டு எண். புள்ளிதான் பூஜ்யம், வட்டம் ஐந்து. கோணமாக ٧ அல்லது ٨ எங்காவது தென்பட்டாலும் அதே முடிவுதான். சுழிகளும் வால்களும் நிறைந்திருந்தால் தேவநாகரி. அங்கே வட்டம் பூஜ்யம்.

இந்த எண்கள் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தேவநாகரி எண்ணும், அரபு நாட்டு எண்ணும், நாம் இன்று எழுதும் 1, 2, 3-உம் பழைய இந்திய எண்களிலிருந்து பிரிந்து போனவை. அரபு மக்கள் தங்கள் ٤ ٥ ٦ வடிவங்களை இன்றும் இந்திய எண்கள் என்றே அழைக்கிறார்கள். பூஜ்யத்தைப் புள்ளியாக எழுதும் வழக்கமும் இங்கே இருந்ததுதான். பக்ஷாலி மரப்பட்டைச் சுவடியில் பூஜ்யம் புள்ளியாகவே இருக்கிறது. குவாலியர் கோயில் கல்வெட்டில், கி.பி. 876-ல், அது வட்டமாக இருக்கிறது. பிரிந்துபோன உறவுகள் என்பதால்தான் முகஜாடை ஒத்துப்போகிறது, மதிப்பு மட்டும் இடம் மாறிவிடுகிறது. எண் வடிவத்தைக் கண்டு வியாபாரிகள் அஞ்சியது புதிதும் அல்ல. 1299-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் நாணய மாற்றுக்காரர் சங்கம், தன் உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தில் இந்தப் புது எண்களை எழுதக் கூடாதென்று விதி போட்டது.

நம் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், ஆறாவது பிரிவில், எண்ணிக்கைக்கு இந்திய எண்களின் சர்வதேச வடிவத்தை, அதாவது 1, 2, 3-ஐ, அடிப்படையாக வைக்கிறது. அரசியல் சாசனத்தின் 343-வது பிரிவும் மத்திய அரசின் அலுவல்களுக்கு அதே வடிவத்தைத்தான் சொல்கிறது. ஆகவே பெட்டியில் அடைத்து எம்.ஆர்.பி. அச்சிட்டு வரும் பொருளில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. மூட்டையாக வரும் சரக்கு, கட்டில் செருகிய துண்டுச்சீட்டு, மார்க்கர் பேனாவால் எழுதிய அட்டை, இவைதாம் படங்களில் வருகின்றன. அங்கே எழுதுகிறவர் தன் கைக்குப் பழகிய எண்ணைத்தான் எழுதுவார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் ஊர் வாடிக்கையாளருக்காக எழுதிய சீட்டு அது. படமாக விழுப்புரம் வரை வரும் என்று அவர் நினைத்து எழுதவில்லை.

2016 நவம்பரில் புது 500, 2000 ரூபாய் நோட்டுகள் வந்தபோது அவற்றில் தேவநாகரி எண் அச்சிடப்பட்டிருந்தது. அது சாசனத்துக்கு முரண் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்த வாதத்தின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு இங்கே பயன்படுவது வேறு. அந்த வரிசை நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். 500-ல் ५०० இருக்கும், 200-ல் २००, 10-ல் १०. சோலாப்பூர்ச் சீட்டைப் படிக்க ஒரு வாய்ப்பாடு எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. சவூதி நோட்டிலும் அப்படித்தான்: ஒரு பக்கம் அரபு எண், மறு பக்கம் நம் எண். லீவில் வந்தவர் கொடுத்த ஐந்து ரியால் நோட்டு வீட்டில் இருந்தால், ஒரு பக்கம் ٥, திருப்பினால் 5.

ஆனால் இந்த வாய்ப்பாடு பாதியில் நின்றுவிடும். நோட்டுகள் பொதுவாக ஒன்று, இரண்டு, ஐந்து என்ற மதிப்புகளில்தான் அச்சாகின்றன. பூஜ்யத்தையும் சேர்த்தால் நான்கு எண்கள் மட்டுமே அவற்றிலிருந்து தெரியவரும். விலைச்சீட்டில் நம்மைக் கவிழ்க்கும் நான்கு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எந்த நோட்டிலும் பெரிதாக நிற்பதில்லை. சவூதி எண்ணுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அங்கே வண்டி நம்பர் பிளேட்டில் அரபு எண்ணும் நம் எண்ணும் மேலும் கீழுமாகச் சேர்ந்தே இருக்கும். தெருவில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே போனால் பத்து எண்ணும் வந்துவிடும். கம்பெனி வண்டி ஓட்டுகிற மச்சானுக்கு இது சில நிமிஷ வேலை. பிளேட்டின் எண்பகுதியை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

எண்களை மனப்பாடம் செய்தாலும் மங்கிய படம் ஏமாற்றத்தான் செய்யும். அதனால் டேக்கை விடப் பில் நம்பகமானது. டேக்கில் ஒரே ஒரு எண் தனியாக நிற்கிறது. அது தவறாகப் படிக்கப்பட்டதா என்று காட்ட அதனிடம் எதுவும் இல்லை. பில்லில் ரேட், எண்ணிக்கை, கூட்டுத்தொகை மூன்றும் இருக்கின்றன, மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும். ஒரு டஜன் போர்வை வாங்கிய பில்லில் ரேட் ٦٥ என்று இருக்கிறது. நீங்கள் 70 என்று படித்தீர்கள். பன்னிரண்டால் பெருக்கினால் 840 வர வேண்டும். பில்லின் அடியில் ٧٨٠ என்று இருக்கிறது. நம் எட்டின் சாயல் கொண்ட எண் எதுவும் அங்கே முதலிடத்தில் இல்லை. கடைசியில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் ரேட்டை மறுபடியும் பார்க்க வேண்டும். 65-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 780. ٧ ஏழு, ٨ எட்டு, புள்ளி பூஜ்யம். மூன்று எண்ணும் ஒரே நேரத்தில் உறுதியாகிவிட்டன. வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யலாம். "ஒரு டஜனுக்கு எவ்வளவுன்னு அந்தச் சீட்டுலயே எழுதச் சொல்லிப் படம் அனுப்புங்க" என்று ஏஜென்டிடம் கேட்டால் அவர் மறுக்கமாட்டார்.

பில்லும் கிடைக்காத இடத்தில் வாய்ச்சொல்தான் கைகொடுக்கும். "அறுபத்தஞ்சு ரியால்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டால் எழுத்தின் குழப்பம் எதுவும் இல்லை. சோலாப்பூர் ஏஜென்ட் இந்தியில் சொன்னாலும், சிரித்துக்கொண்டே உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும், சுழி எந்தப் பக்கம் என்ற கேள்வி எழாது. இந்தியில் எண்பெயர்களைச் சரியாகக் காதில் வாங்குவது தனிப்பாடு என்பது உண்மை. அங்கே எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்வது நல்லது: மூன்று, ஒன்பது, பூஜ்யம்.

குவைத்துச் சரக்கு வரும் வீடுகளுக்கு மட்டும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ரியாலில் நூறு ஹலாலா. குவைத் தினாரில் ஆயிரம் ஃபில்ஸ். பஹ்ரைன் தினாரும் அப்படியே. ஓமான் ரியாலில் ஆயிரம் பைசா. ஆகவே அங்கே தசமத்துக்குப் பின்னால் மூன்று இடம் எழுதுவார்கள். ٢٫٧٥٠ என்றால் இரண்டே முக்கால் தினார். நடுவில் உள்ள குறி நம் காற்புள்ளியின் சாயலில் இருப்பதால், ஆயிரத்தைப் பிரிக்கும் குறி என்று நினைத்து 2,750 என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். 2,750 தினாரில் யாரும் அத்தர் வாங்குவதில்லை என்பதால் அந்தத் தவறு நிலைக்காது. குறியைச் சரியாகப் படித்து, எண்ணைத் தவறவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. வட்டத்தைப் பூஜ்யமாகவும் கடைசிப் புள்ளியைத் தூசியாகவும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 2.70. ஐம்பது ஃபில்ஸ் எங்கே போயிற்று என்று யாருக்கும் தோன்றாது. தினாருக்கு 270 ரூபாய் என்று கொண்டால் ஐம்பது ஃபில்ஸ் பதின்மூன்றரை ரூபாய். ஒரு பாட்டிலுக்கு அது சில்லறை. நூறு பாட்டிலுக்கு 1,350 ரூபாய். தசமக் குறிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, இரண்டுதான் தெரிகிறதென்றால் டேக்கைக் கிட்டத்தில் வைத்து மறுபடி படமெடுக்கச் சொல்ல வேண்டும். விடுபட்ட மூன்றாவது இலக்கம் அநேகமாக அந்தப் புள்ளியாகத்தான் இருக்கும்.